வழுக்கும் ஏணிக் கணக்கு: படம் பிடித்த பக்கத்திலிருந்து விடை வரை

வட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம் வந்து விழுகிறது. ஆங்கில நுண்கணித நூல் ஒன்றின் பயிற்சிப் பக்கம். நடுமடிப்புப் பக்கமாக எழுத்துகள் வளைந்து போயிருக்கின்றன, ஒரு மூலையில் படம் எடுத்தவரின் கை நிழல். அதிலே ஏணிக் கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழில் அது இப்படி வரும்:

நிலைக்குத்தான சுவரில் 6.5 மீற்றர் நீளமான ஏணி ஒன்று சாய்ந்திருக்கிறது. அதன் அடி, கிடைத் தரையில் சுவரை விட்டு விலகும்படி செக்கனுக்கு 0.6 மீற்றர் என்ற மாறா வீதத்தில் இழுக்கப்படுகிறது. அடி சுவரிலிருந்து 2.5 மீற்றர் தூரத்தில் இருக்கும் கணத்தில் (அ) ஏணியின் மேல்முனை என்ன கதியில் கீழே வழுக்கும்? (ஆ) ஏணி தரையுடன் ஆக்கும் கோணம் என்ன வீதத்தில் மாறும்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர இணைந்த கணிதத்தில் வகையிடல் படித்த பிள்ளைக்கு இதற்கு வேண்டியவை முன்பே தெரியும். பைதகரசின் தேற்றமும் சங்கிலி விதியும் போதும். அப்படியிருந்தும் கொப்பிகளில் விடை பிழைத்துப் போகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில். 2.5 என்ற எண்ணை எந்த வரியில் பிரதியிடுவது என்பதுதான் அந்த இடம். இந்த வழிகாட்டி அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் போகிறது. அதற்கு முன்னர் பக்கத்தைச் சரியாக வாசிக்க வேண்டும்.

படத்தை வாசித்தல்

படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டாம். முதலில் கேள்வியைக் கையால் கொப்பியில் எழுதுங்கள். எழுதும்போதுதான் எந்த எழுத்து தெளிவாக இல்லை என்பது தெரியவரும். கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் தனக்குப் பழகிய எண்ணை அந்த இடத்தில் நிரப்பிவிடும்.

ஏணிக் கணக்கில் முதலில் தொலைவது தசமப் புள்ளி. 6.5 என்பது 65 ஆகத் தெரியும், 0.6 இன் புள்ளி மங்கினால் 6 மட்டும் எஞ்சும். 65 மீற்றர் ஏணி எந்த வீட்டுச் சுவரிலும் சாயாது என்பதால் அதை உடனே பிடித்துவிடலாம். 6 சற்று ஏமாற்றும். செக்கனுக்கு 6 மீற்றர் என்றால் 100 மீற்றரை 17 செக்கனுக்குள் ஓடுகிற வேகம். ஏணியின் அடியைப் பிடித்து இழுப்பவர் அப்படி ஓடமாட்டார்.

இன்னொரு சோதனையும் உண்டு. 6.5 இன் வர்க்கம் 42.25, 2.5 இன் வர்க்கம் 6.25. கழித்தால் 36, அதன் வர்க்கமூலம் 6. அதாவது இந்த முக்கோணம் நமக்குப் பழக்கமான 5, 12, 13 இன் பாதி. பாடநூல் ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படி நேராக முடியும் எண்களைத்தான் எடுப்பார்கள். உங்களுக்கு வர்க்கமூலம் அலங்கோலமாக வந்தால் கணக்குப் பிழை என்று முடிவுகட்டாதீர்கள், ஆனால் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, நேரத்தைக் குறித்த பெறுதி எந்தக் குறியீட்டில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். dx/dt என்று இருந்தால் ஆபத்துக் குறைவு. சில நூல்கள் நியூட்டன் வழக்கத்தில் x இன் தலையில் ஒரு புள்ளி வைக்கும். பிரயோக கணிதத்தில் நீங்கள் பார்க்கும் அதே புள்ளிதான். மங்கிய படத்தில் அந்தப் புள்ளி காணாமற் போனால் ẋ வெறும் x ஆகிவிடும். வீதம் நீளமாக மாறிவிடும், கணக்கும் வேறாகிவிடும். நடுமடிப்பை ஒட்டிய ஓரத்தில் கழித்தல் குறியும் மறைந்துபோகும். விடைப் பக்கத்தையும் படம் பிடித்திருந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்.

பக்கம் உங்கள் கையில் இருக்கிறதென்றால் நூலை விறாந்தையில் யன்னலோரம் தட்டையாக விரித்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்து எடுங்கள். பிளாஷ் வழுவழுப்பான தாளில் ஒரு வெள்ளைப் பொட்டை உண்டாக்கும், அது எண்ணின் மேல் விழுந்தால் எண் போய்விடும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். கோப்பாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

ஆங்கிலக் கேள்வியில் ‘வென்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிற எண் ஒரே ஒரு கணத்துக்கு உரியது. நமது கணக்கில் அது 2.5. கோட்டுக்கு முன்னால் வந்த 6.5 உம் 0.6 உம் எந்தக் கணத்துக்கும் பொருந்துபவை. இந்தப் பிரிவினையைக் கொப்பியில் இரண்டு வரியாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது:

எப்போதும்: ஏணி 6.5 m, dx/dt = 0.6 m s⁻¹
அந்தக் கணத்தில் மட்டும்: x = 2.5 m

படம் வரைதல்

சுவருக்கு ஒரு நிலைக்குத்துக் கோடு, தரைக்கு ஒரு கிடைக் கோடு, இரண்டையும் தொட்டபடி சாய்ந்த ஏணி. சுவரிலிருந்து அடி வரையுள்ள தூரத்துக்கு x என்றும், தரையிலிருந்து மேல்முனை வரையுள்ள உயரத்துக்கு y என்றும் பெயரிடுங்கள். ஏணியின் மேல் 6.5 என்று எழுதலாம். தரைக் கோட்டின் கீழ் 2.5 என்று எழுதக்கூடாது.

இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2.5 என்று எழுதிய படம் அசையாத படம். அதிலே அடி 2.5 இல் ஆணி அடித்தது போல நிற்கிறது. நமக்கு வேண்டியது அசைகிற ஏணி. x என்றும் y என்றும் எழுதிய படத்தில் அடி எங்கேயும் இருக்கலாம். மாறுவதற்கு எழுத்து, மாறாததற்கு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணத்தின் எண்கள் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு சின்ன முக்கோணம் கீறி, அதிலே 2.5, 6, 6.5 என்று எழுதுங்கள். பெரிய படம் இயக்கத்துக்கு, சின்னப் படம் கணத்துக்கு. கடைசி வரி வரும்வரை சின்னப் படத்தைத் தொட வேண்டாம்.

கட்டுப்பாட்டுச் சமன்பாடு

அடி எங்கே இருந்தாலும், மேல்முனை எங்கே இருந்தாலும், ஏணியின் நீளம் ஒன்றுதான். அந்த உண்மையைச் சமன்பாடாக எழுதினால்:

x² + y² = 42.25

x ஐ நீங்கள் விரும்பியபடி மாற்றலாம், ஆனால் மாற்றிய உடனே y என்னவாக இருக்கவேண்டும் என்பதை இந்தச் சமன்பாடு முடிவுசெய்துவிடும். இரண்டையும் கட்டிவைத்திருக்கும் கயிறு இதுதான். அதனால்தான் இதைக் கட்டுப்பாடு என்கிறோம். ஏணி வழுக்கும் ஒவ்வொரு கணத்திலும் இது உண்மை. எல்லாக் கணத்திலும் உண்மையான சமன்பாட்டைத்தான் நேரத்தைக் குறித்து வகையிடலாம். ஒரு கணத்தில் மட்டும் உண்மையான வரியை வகையிட முடியாது.

நேரத்தைக் குறித்து வகையிடல்

சமன்பாட்டில் t என்ற எழுத்தே இல்லை. புதிதாகப் படிப்பவர் தடுமாறுவது அதனால்தான். t வெளியே தெரியவில்லை, ஆனால் x க்குள்ளும் y க்குள்ளும் இருக்கிறது. நேரம் போகப் போக x கூடுகிறது, ஆகவே x என்பது t இன் சார்பு. y உம் அப்படியே.

x² ஐ x ஐக் குறித்து வகையிட்டால் 2x. ஆனால் நாம் t ஐக் குறித்து வகையிடுகிறோம், ஆகவே சங்கிலி விதிப்படி x தானே என்ன வீதத்தில் மாறுகிறது என்பதையும் பெருக்க வேண்டும். x² இன் பெறுதி 2x·dx/dt. y² இன் பெறுதி 2y·dy/dt. வலப்பக்கம் 42.25 மாறிலி, அதன் பெறுதி 0.

2x·dx/dt + 2y·dy/dt = 0

இரண்டால் வகுத்தால்:

x·dx/dt + y·dy/dt = 0

இங்கே பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “சேர், ஏணின்ர நீளம் மாறேல்லையே, பிறகேன் அதையும் வகையிடுறது?” மாறாமல் இருப்பதால்தான் வகையிடுகிறோம். வலப்பக்கம் 0 ஆவதால் இடப்பக்கத்தின் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்தே ஆகவேண்டும். x கூடுவதால் வருகிற மிகையை y குறைவது கழித்துக் கட்டுகிறது. நீளம் மாறுகிற ஏணியாக இருந்தால், அதாவது நீட்டிச் சுருக்கும் ஏணியை இழுத்துக்கொண்டே நீட்டினால், வலப்பக்கம் 0 ஆகாது, நீளத்தை L என்று எழுதினால் அங்கே 2L·dL/dt வரும்.

மிக அதிகமாகக் காணும் எழுத்துப் பிழை, 2x + 2y = 0 என்று dx/dt ஐயும் dy/dt ஐயும் விட்டுவிடுவது. அந்த வரியைப் பார்த்தாலே பிழை தெரியும். x உம் y உம் இரண்டும் நேர்ப் பெறுமானங்கள், கூட்டினால் 0 எப்படி வரும்? அதற்கு அடுத்தது 2x·dx/dt + 2y = 0. x இல் விதியைப் பாவித்துவிட்டு y இல் மறப்பது. அலகைப் பாருங்கள்: முதல் உறுப்பு m² s⁻¹, இரண்டாவது m. வெவ்வேறு அலகுகளைக் கூட்ட முடியாது, எனவே அந்த வரி பிழை. கணக்கில் எங்கே சந்தேகம் வந்தாலும் இந்த அலகுச் சோதனையைச் செய்யுங்கள். செய்ய ஐந்து செக்கன்கூட எடுக்காது.

வகையிட்ட வரி எங்கிருந்து வருகிறது என்று விதியை மறந்துவிட்டும் பார்க்கலாம். அடி h என்ற சிறு தூரம் விலகுகிறது, மேல்முனை k என்ற சிறு தூரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் நீளம் பழையபடியே இருப்பதால்

(x + h)² + (y − k)² = x² + y²

விரித்து எழுதினால் 2xh + h² − 2yk + k² = 0. இப்போது எண்ணைப் பாருங்கள். 0.01 செக்கனில் h = 0.006 m. அப்போது 2xh = 0.03, h² = 0.000036. h² கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்குதான். நேரத்தை இன்னும் சுருக்கினால் அது இன்னும் வேகமாகச் சுருங்கும். h² ஐயும் k² ஐயும் விட்டால் எஞ்சுவது xh = yk. இரண்டு பக்கத்தையும் கழிந்த நேரத்தால் வகுத்தால் மேலே வந்த அதே வரி. dy/dt இன் மறைக்குறி மட்டும் k க்குள் ஒளிந்திருக்கிறது, ஏனெனில் k ஐ இறங்கும் தூரமாக எடுத்தோம்.

இப்போதுதான் எண்கள்

சின்ன முக்கோணத்துக்கு வாருங்கள். x = 2.5 ஆகும்போது y = 6. கேள்வியில் y தரப்படவில்லை, அதைக் கட்டுப்பாட்டிலிருந்துதான் எடுக்கவேண்டும். பலர் இந்த இடத்தில் y க்குப் பதிலாக 6.5 ஐப் போட்டுவிடுவார்கள், ஏணியின் நீளமும் மேல்முனையின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவதால்.

2.5 × 0.6 + 6 × dy/dt = 0
dy/dt = −1.5 / 6 = −0.25 m s⁻¹

மறைக்குறி y குறைகிறது என்று சொல்கிறது. மேல்முனை இறங்குகிறது. இந்தக் குறியைச் சமன்பாடே தந்தது, நாம் போடவில்லை. “மேல்முனை இறங்குது தானே” என்று முன்கூட்டியே dy/dt க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுத் தொடங்கினால் இரண்டு மறை சேர்ந்து நேராகி, ஏணி சுவரில் ஏறத் தொடங்கிவிடும். x இன் திசையை மட்டும் கவனியுங்கள். அடி விலகினால் dx/dt = +0.6, அடியைச் சுவரை நோக்கித் தள்ளினால் dx/dt = −0.6. மற்றதைச் சமன்பாட்டிடம் விடுங்கள்.

விடை எழுதும்போது கேள்வி கேட்டது கதியா வேகமா என்று பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தில் ‘ஹவ் ஃபாஸ்ட்’ என்று இருந்தால் கேட்பது கதி, விடை கீழ்நோக்கி 0.25 m s⁻¹. y மாறும் வீதம் என்று கேட்டால் −0.25 m s⁻¹. “கீழ்நோக்கி −0.25” என்று எழுதினால் மேல்நோக்கி என்று பொருளாகிவிடும்.

இப்போது அந்தப் பிழையான இடத்தைக் கிட்டப் பார்ப்போம். ஒருவர் வகையிட முன்னரே x = 2.5 ஐப் போட்டுவிட்டார் என்று வையுங்கள்:

6.25 + y² = 42.25
2y·dy/dt = 0
dy/dt = 0

மேல்முனை அசையவில்லை என்று விடை வருகிறது. இதில் வகையிடலில் பிழையே இல்லை, ஒவ்வொரு படியும் சரி. கேட்காத கேள்விக்குச் சரியான விடை இது. அடியை 2.5 இல் நிறுத்திவைத்தால் மேல்முனை என்ன கதியில் இறங்கும் என்று கேட்டால் விடை 0 தானே. x என்ற எழுத்தை எண்ணால் மாற்றிய அந்த நொடியிலேயே ஏணி நின்றுவிட்டது. 0.6 என்ற தரவு எங்கேயும் பாவிக்கப்படாமல் கிடப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம். கேள்வி தந்த வீதம் விடைக்குள் வராவிட்டால், எண்ணை நேரத்துக்கு முன்னர் போட்டிருக்கிறீர்கள்.

y = √(42.25 − x²) என்று y ஐத் தனியாக்கி வகையிட்டாலும் இதே விடை வரும். அது பிழையில்லை. ஆனால் வர்க்கமூலத்தை வகையிடும்போது அரையும் மறைக்குறியும் தொலைவதற்கு இடம் கூட. கட்டுப்பாட்டை இருந்தபடியே வகையிடுவது சுலபம்.

விடையைச் சரிபார்த்தல்

மூன்று விதமாகப் பார்க்கலாம். நேரம் குறைவாக இருந்தால் முதலாவதை மட்டும் செய்யுங்கள்.

ஏணி விறைப்பான பொருள், நீளவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. ஆகவே ஏணியின் நீளத்தின் வழியே அடியின் வேகக் கூறும் மேல்முனையின் வேகக் கூறும் சமமாக இருக்கவேண்டும். பிரயோக கணிதம் படித்தவருக்கு இது பழைய சங்கதி. அடியின் கூறு 0.6 × 2.5/6.5, மேல்முனையின் கூறு 0.25 × 6/6.5. இரண்டிலும் மேலே 1.5 வருகிறது. சரி. உண்மையில் x·dx/dt + y·dy/dt = 0 என்ற வரி சொல்வதும் இதைத்தான், வேறு மொழியில்.

இரண்டாவது, கணிப்பான் வழி. 1 செக்கனின் பின் x = 3.1, அப்போது y = 5.7131, மேல்முனை இறங்கியது 0.2869 m. 0.1 செக்கனின் பின் x = 2.56, இறங்கியது 0.02535 m, அதாவது செக்கனுக்கு 0.2535. 0.01 செக்கனுக்குப் பார்த்தால் செக்கனுக்கு 0.2504. எண்கள் 0.25 ஐ நோக்கி வந்து நெருங்குகின்றன. முதல் எண் 0.25 ஐவிடக் கூட வந்தது தற்செயல் அல்ல. அந்த ஒரு செக்கனுக்குள்ளேயே மேல்முனை வேகம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, கையால். தும்புத்தடியின் பிடி போல நேரான தடி ஒன்றை 65 cm நீளத்துக்கு எடுங்கள், பத்தில் ஒன்றாகச் சுருக்கிய ஏணி அது. அறையின் சுவரை ஒட்டி நிலத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, தடியின் அடியைச் சுவரிலிருந்து 25 cm இல் நிறுத்தி, மேல்முனை தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 60 cm உயரத்தில் இருக்கும். இப்போது அடியை 1 cm மட்டும் வெளியே நகர்த்தி மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே 4 mm சொச்சம்தான். அடுத்ததாக அடியை 60 cm இல் வைத்து அதே 1 cm நகர்த்துங்கள். இந்தமுறை மேல்முனை 2.5 cm அளவுக்கு இறங்கும். அடி நகர்ந்தது இரண்டு தரமும் ஒரே தூரம், ஆனால் மேல்முனை இறங்கியது ஆறு மடங்கு. x/y என்ற விகிதம் செய்கிற வேலை அது. தடி தடிப்பாக இருந்தால் அதன் ஒரே ஓரத்தை வைத்து அளக்கவேண்டும், இல்லாவிட்டால் 4 mm அந்தத் தடிப்பிலேயே தொலைந்துவிடும்.

கோணம்

(ஆ) பகுதிக்கு வேறு கட்டுப்பாடு வேண்டும். கோணம் θ தரையுடன் என்பதால் கோசைனையும் எடுக்கலாம், சைனையும் எடுக்கலாம். கோசைனை எடுங்கள், ஏனெனில் அதில் வருவது x, அதன் வீதம்தான் கேள்வியில் நேரே தரப்பட்டிருக்கிறது.

cos θ = x / 6.5
−sin θ · dθ/dt = (1/6.5) · dx/dt

அந்தக் கணத்தில் sin θ = 6/6.5. பிரதியிட்டால் 6.5 இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு

dθ/dt = −0.6 / 6 = −0.1 rad s⁻¹

செக்கனுக்கு 0.1 ஆரையன், ஏறத்தாழ 5.7 பாகை. கோணம் குறைகிறது, ஏணி படுக்கிறது. சைன் வழியாகப் போனால் y இன் வீதம் வேண்டும். அதற்கு (அ) இன் விடையைப் பாவிக்கவேண்டும், அங்கே பிழைத்திருந்தால் இங்கேயும் பிழைக்கும். ஆகவே சைனைச் சரிபார்க்க வைத்திருங்கள்: (2.5/6.5)·dθ/dt = −0.25/6.5, மறுபடியும் −0.1.

கோசைனின் பெறுதி −sin θ ஆவது θ ஆரையனில் இருக்கும்போது மட்டும்தான். ஆகவே விடையின் அலகு தானாகவே ஆரையன். “செக்கனுக்கு 0.1 பாகை” என்று எழுதினால் விடை 57 மடங்கு பிழை.

தரையை நெருங்கும்போது

dy/dt = −(x/y) × 0.6 என்று எழுதிவிட்டு அடியை இன்னும் இழுத்துப் பாருங்கள். x = 5.2 ஆகும்போது y = 3.9, கதி 0.8 m s⁻¹. x = 6 ஆகும்போது y = 2.5, கதி 1.44. x = 6.3 ஆகும்போது y = 1.6, கதி 2.36. y பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கதி எல்லையில்லாமல் கூடுகிறது. அடி சீராக 0.6 இல் போகிறது, மேல்முனையோ தரையைத் தொடும் கணத்தில் முடிவிலிக் கதியில் போகவேண்டும் என்கிறது சமன்பாடு. சில பயிற்சிப் பக்கங்களில் (இ) பகுதியாக இதைக் கேட்டு “விளக்குக” என்று விட்டிருப்பார்கள்.

வகையிடலில் பிழை இல்லை. பிழைப்பது கட்டுப்பாடுதான். x² + y² = 42.25 என்று எழுதியபோது மேல்முனை எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். சுவர் ஏணியை வெளியே தள்ளத்தான் முடியும், பிடித்து இழுக்க முடியாது. ஏதோவொரு உயரத்துக்குப் பிறகு, சுவரோடு ஒட்டியிருக்க வேண்டுமானால் புவியீர்ப்பு தருவதைவிட வேகமாக ஏணி திரும்பவேண்டி வரும். அந்த இடத்தில் மேல்முனை சுவரை விட்டுவிடும்.

அந்த உயரத்தைக் கணிக்கவும் முடியும். ஏணி சீரானது, சுவர் ஒப்பமானது என்று எடுங்கள். அடி v என்ற மாறா வேகத்தில் போவதால், அடியோடு கூடப் போகிறவரின் பார்வையில் ஏணி அடியைச் சுற்றி விழும் ஒரு கோல் மட்டுமே. L நீளக் கோலுக்குப் புவியீர்ப்பு தரும் கோண ஆர்முடுகல் 3g cos θ / (2L). சுவரோடு ஒட்டியிருக்க வேண்டிய கோண ஆர்முடுகலை dθ/dt = −v/(L sin θ) என்பதை இன்னொருமுறை வகையிட்டு எடுக்கலாம், பருமன் v² cos θ / (L² sin³ θ). இரண்டும் சமமாகும் இடத்தில் தொடுகை முடிகிறது. cos θ வெட்டுப்பட, L sin θ = y என்று எழுதினால்

y³ = 2v²L² / (3g)

v = 0.6, L = 6.5, g = 9.81 என்று போட்டால் y ஏறத்தாழ 1.01 m. அந்தக் கணத்தில் மேல்முனையின் கதி 3.8 m s⁻¹ அளவு, முடிவிலி அல்ல. அதற்குக் கீழே x·dx/dt + y·dy/dt = 0 என்ற வரி பொருந்தாது, மேல்முனை சுவரிலிருந்து விலகியபடியே விழும். கேள்வி கேட்ட கணத்தில் மேல்முனை 6 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே (அ), (ஆ) இரண்டு விடையும் நிற்கும். (இ) இருந்தால், முடிவிலி என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், தொடுகை விட்டுப்போவதால் அந்த உயரத்துக்குக் கீழே கட்டுப்பாடு செல்லாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.